12 மணி நேர செக்யூரிட்டி டூட்டி: வார விடுப்பு, ஓவர்டைம், சாப்பாட்டு இடைவேளையைக் கணக்கிட்டுக் கேட்பது எப்படி?

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் ஊரெங்கும் அதே பேச்சு. அதே பத்து நாளும் சென்னையின் ஒவ்வொரு அடுக்குமாடி வாசலிலும் ஏதோ ஒரு செக்யூரிட்டி காலை ஏழுக்கு வந்து இரவு ஏழுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் 12 மணி நேரம் நிற்க எந்த மசோதாவும் தேவைப்படவில்லை. பழக்கம் ஒன்றே போதுமாக இருந்தது.

அந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு, கணக்குப் போட்டால் எவ்வளவு வருகிறது, அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஏஜென்சி வழியாகத் தமிழ்நாட்டில் ஒரு குடியிருப்பிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை பார்க்கும் செக்யூரிட்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களும் படிக்கலாம். கணக்கு அவர்கள் பக்கமும் போகிறது.

படி 1: உங்கள் முதலாளி யார் என்று முடிவு செய்யுங்கள்

"நீ எங்க ஆள் இல்ல, ஏஜென்சிகிட்ட கேளு" என்று அசோசியேஷன் சொல்லும். "பார்ட்டி பில் பாஸ் பண்ணல" என்று ஏஜென்சி சொல்லும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் செத்துப்போகின்றன.

சம்பளம் தர வேண்டியது உங்களை நியமித்த ஏஜென்சி. பார்ட்டி பணம் கொடுத்ததா இல்லையா என்பது அவர்களுக்குள் உள்ள விவகாரம், அதைக் காட்டி உங்கள் சம்பளத்தை நிறுத்த முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 இதில் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: நியமித்தவர் தராவிட்டால், நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் உரிமையாளர் அதற்குப் பொறுப்பு. அதனால் புகார் எழுதும்போது இரண்டு பெயரையும் எழுத வேண்டும். அசோசியேஷன்கள் "நாங்கள் வியாபாரம் நடத்தவில்லை, நிறுவனமே இல்லை" என்று வாதாடுவது உண்டு. வாதாடட்டும். பெயர் இருந்தால்தான் அவர்கள் அந்த மேஜைக்கு வருவார்கள்.

ஏஜென்சிக்குத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005-இன் கீழ் உரிமம் இருக்க வேண்டும். பேச்சு வழக்கில் அதைப் 'பசாரா லைசென்ஸ்' என்பார்கள். அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு காவலரின் பெயர், முகவரி, புகைப்படம், சம்பளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் வைத்திருக்கவும் அந்தச் சட்டம் சொல்கிறது. அதன் அட்டவணையில் உள்ள தொழிலாளர் சட்டங்களை மீறினால் உரிமத்தையே ரத்து செய்யலாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஒரு ஏஜென்சி எதற்காவது பயப்படும் என்றால் இதற்குத்தான், அபராதத்துக்கு அல்ல.

ஏஜென்சி இல்லாமல் வீட்டுக்காரரே நேரடியாக வைத்துக்கொண்ட வாட்ச்மேன் என்றால் வழி குறுகலானது. தனி வீடு 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வருவது கடினம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 'கேர்டேக்கர்' வேலையில் இருப்பவருக்கு விலக்கு தருகிறது. சில ஏஜென்சிகள் இதைத் தெரிந்துகொண்டே நியமன உத்தரவில் செக்யூரிட்டிக்கு 'கேர்டேக்கர்' என்று பதவி போடுகிறார்கள். உங்கள் உத்தரவை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். அடையாள அட்டையிலும் சீருடையிலும் 'செக்யூரிட்டி கார்டு' என்று இருந்தால் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: மணி நேரத்தை எண்ணுங்கள், நாட்களை அல்ல

செக்யூரிட்டி வேலையில் எல்லாம் 'டூட்டி' கணக்கு. இந்த மாதம் 30 டூட்டி, போன மாதம் 31. ஒரு டூட்டி என்றால் 12 மணி நேரம் என்பது சொல்லாமலே புரிந்துகொள்ளப்படுகிறது. சட்டத்துக்கு டூட்டி தெரியாது. அதற்குத் தெரிந்தது மணி நேரம் மட்டும்.

1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. இடைவேளை உட்பட, வந்த நேரத்திலிருந்து போகும் நேரம் வரை 12 மணிக்கு மேல் நீளக் கூடாது. பணிநிலைமைகள் பற்றிய புதிய சட்டத் தொகுப்பு 2020, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு வருவது. அதிலும் நாளைக்கு 8 மணிதான். அதற்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டிப்புக் கூலி தர வேண்டும். மாநிலத்தின் பழைய கடைகள் சட்டத்தைப் புதிய தொகுப்புகள் ரத்து செய்யவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். "அதெல்லாம் பழைய சட்டம், போயிடுச்சு" என்று ஃபீல்டு ஆபீசர் சொன்னால் அது சரியல்ல.

இப்போது ஒரு வாசலை எடுத்துக்கொள்வோம். வேலு, அந்தோணி என்று இரண்டு பேர், கற்பனைப் பெயர்கள்தான். ஒருவர் காலை 7 முதல் இரவு 7, இன்னொருவர் இரவு 7 முதல் காலை 7. ரிலீவர் கிடையாது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 84. சட்டத்தின் உச்ச வரம்பு 54. மாதத்துக்குச் சராசரி 30 டூட்டி வைத்துக்கொண்டால் ஆளுக்கு 360 மணி நேரம்.

பகல், இரவு மாற வேண்டுமே, அது எப்படி? ஞாயிறு காலை 7 மணிக்குப் பகல் டூட்டிக்கு வந்த வேலு, அன்று இரவும் நின்று திங்கள் காலை 7 மணிக்குத்தான் போவார். தொடர்ந்து 24 மணி நேரம். அதன் பிறகு அன்று இரவு 7 மணிக்கு நைட் டூட்டிக்குத் திரும்பி வருவார். ஞாயிறு காலை நைட் முடித்துப் போன அந்தோணிக்குத் திங்கள் காலை வரை ஓய்வு. அடுத்த வாரம் இது தலைகீழாகும். எல்லா சைட்டிலும் இதற்கு 'ஷிப்ட் மாத்துறது' என்று பெயர், சிலர் 'கன்டினியூ' என்பார்கள். இதைத்தான் பல ஏஜென்சிகள் வார விடுப்பு என்று கணக்குக் காட்டுகின்றன.

படி 3: வார விடுப்பை அதன் சரியான அளவில் கேளுங்கள்

ஆறு நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு. இதில் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. நைட் டூட்டிக்காரருக்கு 'ஒரு முழு நாள்' என்றால் என்ன என்பதுதான் கேள்வி. 2020 சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் இருப்பவருக்கு விடுப்பு என்பது ஷிப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம்.

இந்த அளவுகோலை வைத்தால், ஞாயிறு காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை அந்தோணிக்குக் கிடைத்தது ஒரு வார விடுப்புதான். ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே வாரம் வேலுவுக்கு விடுப்பே இல்லை, அதற்குப் பதிலாக 24 மணி நேர டூட்டி. அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு விடுப்பு, அதற்கு விலையாக ஒரு இரட்டை டூட்டி. புகாரில் "எனக்கு லீவே கிடையாது" என்று எழுதினால் ஏஜென்சி ரிஜிஸ்டரைக் காட்டி மறுத்துவிடும். "மாதத்தில் நான்கு வார விடுப்பில் இரண்டு மட்டுமே கிடைத்தன, மற்ற இரண்டு ஞாயிறும் 24 மணி நேரம் தொடர்ந்து நின்றேன்" என்று தேதியோடு எழுதினால் மறுக்க இடமில்லை.

தவிர்க்க முடியாமல் விடுப்பு நாளில் வேலை வாங்கிவிட்டால், அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ ஈடு விடுப்பு தர வேண்டும் என்றும் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நடைமுறையில் செக்யூரிட்டி வேலையில் ஈடு விடுப்பு என்ற பேச்சே எழுவதில்லை. 'இ.டி.' என்று எக்ஸ்ட்ரா டூட்டி போட்டு ஒற்றைச் சம்பளம் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு பிரச்சினை, ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பது. வராத நேரத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். "ராத்திரி தூங்கினான்" என்று போடும் அபராதத்துக்கும் எல்லை உண்டு: எந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியல் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு வந்து டார்ச் அடித்துப் படம் பிடிக்கும் சூப்பர்வைசரைப் பற்றி என்ன சொல்ல?

படி 4: சாப்பாட்டு இடைவேளை உண்மையில் இருந்ததா?

தமிழ்நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் நல்ல சட்டம். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். அரை மணி அல்ல, ஒரு மணி.

ஒற்றை ஆள் நிற்கும் வாசலில் இது நடப்பதில்லை. டிபன் கேரியரைத் திறந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் ஹாரன் சத்தம். கை கழுவாமல் எழுந்து கேட்டைத் திறந்து, டெலிவரிப் பையனிடம் ஃபிளாட் நம்பர் கேட்டு, இன்டர்காமில் சொல்லிவிட்டு வந்து மீதியைச் சாப்பிட வேண்டும். நடுவில் மோட்டார் போட வேண்டும், தண்ணீர் லாரி வந்தால் மூடியைத் திறந்துவிட வேண்டும். இது வேலை நேரம். ஏஜென்சி பிறகு கணக்குச் சொல்லும்போது "12 மணியில் ஒரு மணி லஞ்ச் பிரேக் போக 11 மணிதான் வேலை" என்று கழிக்கப் பார்க்கும். அப்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்த ஒரு மணி நேரம் வாசலுக்கு யார் பொறுப்பு? மாற்றி விட ஆள் வந்திருந்தால் அது இடைவேளை. பொறுப்பு உங்களிடமே இருந்திருந்தால், இடத்தை விட்டு நகர முடியாமல் இருந்திருந்தால், அதை வேலை நேரமாகவே கணக்கில் எடுத்து வாதாடுங்கள்.

இந்த ஒரு மணி எவ்வளவு பெறும் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 5: கணக்கு

உங்கள் பகுதிக்கும் வேலைக்கும் உரிய குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர் துறை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படையோடு பஞ்சப்படியும் சேர்ந்தது அது, பஞ்சப்படி மாறும்போது அதுவும் மாறும். கணக்கு புரிவதற்காக மட்டும் மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது 8 மணி நேர வேலைக்கு, வார விடுப்போடு, 26 நாளுக்கான சம்பளம்.

13,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 500. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. ஓவர்டைம் இரட்டிப்பு, ஆக மணிக்கு 125.

வேலு நின்றது 360 மணி. இயல்பான வேலை நேரம் 26 நாள் × 8 மணி, அதாவது 208. மீதி 152 மணியும் ஓவர்டைம். 152-ஐ 125-ஆல் பெருக்கினால் 19,000. மாதச் சம்பளம் 13,000 சேர்த்தால் வர வேண்டியது 32,000 ரூபாய்.

வேலு கையில் வாங்குவது 16,000. "மினிமம் வேஜைவிட மூவாயிரம் கூடக் கொடுக்கிறோம்" என்று ஏஜென்சி பெருமையாகச் சொல்லும். மாதத் தொகையை மட்டும் பார்த்தால் உண்மைதான். மணிக் கணக்கில் பார்த்தால், 16,000-ஐ 360-ஆல் வகுக்க, மணிக்கு 44 ரூபாய் சொச்சம். ஓவர்டைமை விடுங்கள், சாதாரண மணிக்கு உள்ள 62.50-கூட வரவில்லை.

சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் உண்மையாகவே கிடைத்திருந்தால் வேலை நேரம் 330 மணி, ஓவர்டைம் 122 மணி, வர வேண்டியது 28,250. ஆக, வாசலில் உட்கார்ந்தபடி சாப்பிட்ட அந்த ஒரு மணி நேரத்துக்கு மாதம் 3,750 ரூபாய் விலை. அந்தக் கழிவுக்கு ஏஜென்சி ஏன் அவ்வளவு மல்லுக்கட்டும் என்பது இப்போது புரியும்.

இனி அசோசியேஷன் செயலாளர் பார்க்க வேண்டிய கணக்கு. ஒரு வாசலுக்கு வாரத்தில் 168 மணி. ஒருவர் 48 மணி வேலை பார்க்கலாம். 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. ஒரு வாசலுக்கு மூன்றரை ஆள் வேண்டும், நாம் இரண்டு பேரை வைத்து ஓட்டுகிறோம். மூன்று 8 மணி ஷிப்ட், நான்கு பேர் என்று வைத்தால் எல்லோருக்கும் வார விடுப்பு கிடைத்து, வாரத்துக்கு மூன்று ஷிப்ட் மிச்சமும் ஆகும். அவசர லீவுக்கு அது போதும்.

செலவு? நான்கு பேருக்கு 13,000 வீதம் 52,000. இரண்டு பேரை 12 மணி நேரம் நிறுத்தி, சட்டப்படி ஓவர்டைம் கொடுத்தால் 64,000. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஏஜென்சி கமிஷன் எல்லாம் இதற்கு மேல். சட்டப்படி நடந்தால் 12 மணி நேர ஷிப்டுதான் விலை அதிகம். அது மலிவாகத் தெரிவதற்கு ஒரே காரணம், ஓவர்டைம் கொடுக்கப்படுவதில்லை என்பதுதான். இப்போது ஆகும் 32,000 உண்மையான விலை அல்ல, மீதி நிலுவையாகக் கூடிக்கொண்டிருக்கிறது.

இதில் செக்யூரிட்டிகளுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. "எட்டு மணி நேரம்னா பதிமூணாயிரம்தானே வரும், வாடகைக்கே சரியாப் போயிடும், பன்னெண்டே இருக்கட்டும்" என்று பலர் சொல்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் இனி வரும் மாதங்களில் எப்படி வேலை பார்ப்பது என்பது வேறு, ஏற்கெனவே நின்ற மணி நேரத்துக்குக் கூலி கேட்பது வேறு. 12 மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்பதால் இரட்டிப்புக் கூலி இல்லாமல் போகாது. சட்டப்படியான தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பே சொல்கிறது.

படி 6: ஆதாரம் சேர்ப்பது

பே ஸ்லிப்பில் 26 நாள், 8 மணி என்று அழகாக இருக்கும். மீதி 'அலவன்ஸ்' என்ற பெயரிலோ கையிலோ வரும். மஸ்டர் ரோலையும் அதற்குத் தகுந்த மாதிரி எழுதியிருப்பார்கள். அதனால் நீங்கள் 12 மணி நேரம் நின்றீர்கள் என்பதற்கு உங்கள் பக்கச் சான்று வேண்டும்.

நல்ல செய்தி, சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை சட்டப்படி முதலாளிக்குத்தான். அதற்காக வெறுங்கையோடு போகாதீர்கள். வேலை நேரத்தையே அவர்கள் மறுத்தால், அதைக் காட்ட ஏதாவது உங்களிடம் இருந்தாக வேண்டும்.

வாசலில் இருக்கும் பார்வையாளர் நோட்டுதான் என் பார்வையில் மிகச் சிறந்த சாட்சி. இரவு 2.40-க்கு விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி, விடியற்காலை 4.30-க்கு வந்த பால் வண்டி, அதே நாள் காலை பத்து மணிக்கு வந்த கேஸ் சிலிண்டர், எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தால் 24 மணி நேர டூட்டியை வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரி தண்ணீர் லாரி ரசீது: பெற்றுக்கொண்டதாக நேரத்தோடு கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் செக்யூரிட்டிதான், நகல் அசோசியேஷன் ஃபைலில் இருக்கும். சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் போடும் டூட்டி பட்டியல், "இன்னிக்கு ரிலீவர் வரல, கன்டினியூ பண்ணுங்க" என்ற குரல் பதிவு, ரவுண்ட்ஸ் போகும்போது அனுப்பச் சொல்லும் செல்ஃபி ஆகியவை அடுத்து வருகின்றன. போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும், வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

சொந்தமாக ஒரு சின்ன நோட்டும் வேண்டும். தேதி, வந்த நேரம், போன நேரம், இடைவேளைக்கு மாற்றி விட்டவர் பெயர், யாரும் வரவில்லை என்றால் 'இல்லை'. அன்றன்றைக்கே எழுதியது என்று பார்த்தாலே தெரிய வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பிய நோட்டை எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

படி 7: கேட்பது

முதலில் எழுத்தில் ஏஜென்சியிடம். ஃபீல்டு ஆபீசரிடம் வாயால் சொன்னது எதுவும் பதிவாகாது. கடிதம் நீளமாக வேண்டாம்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தின் பாதுகாவலராக மேற்கண்ட இடத்தில் பணிபுரிகிறேன். கடந்த ஜூன் மாதம் இணைப்பில் உள்ள தேதி விவரப்படி 360 மணி நேரம் பணிபுரிந்தேன். இதில் 152 மணி நேரம் மிகைநேரப் பணி. இரண்டு வார விடுப்புகள் வழங்கப்படவில்லை. உணவு இடைவேளைக்கு மாற்று ஆள் அனுப்பப்படவில்லை. மிகைநேரத்துக்கு உரிய இரட்டிப்பு ஊதியத்தை 15 நாட்களுக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதை ஸ்பீடு போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்பி, நகலை அசோசியேஷனுக்கும் அனுப்புங்கள். நகல் போன மறுநாளே செயலாளர் ஏஜென்சிக்குப் போன் போடுவார், பல இடத்தில் பேச்சுவார்த்தை அங்கேதான் தொடங்குகிறது.

பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகம். வங்கி, ரயில்வே, விமான நிலையம் போன்ற இடங்களில் போடப்பட்டவர் என்றால் மாநிலத் துறை அல்ல, மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு, அதனால் இதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தொகை வர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இது ஆறு மாதம்தான். வேலையில் இருக்கும்போது கேட்கப் பயப்படுபவருக்கு இந்த மாற்றம் பெரியது, ஏனென்றால் வேலையை விட்ட பிறகும் கேட்கலாம். குறைவாகக் கொடுத்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கை எதிர்பார்த்து உட்காராதீர்கள், பேரத்துக்கு அது பயன்படும், அவ்வளவுதான். தனியாகவும் கொடுக்கலாம், பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம். முடிந்தால் அந்தோணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் அடுத்த வாரமே ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் மாற்றினால் வாசல் காலியாகிவிடும்.

விசாரணைக்கு நாள் குறித்ததும் பெரும்பாலும் ஏஜென்சி ஆள் வீட்டுக்கு வருவார். கையில் ஒரு தொகை, கூடவே ஒரு தாள். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதியிருக்கும். சமரசம் தவறில்லை, கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கட்டுப்படியானால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்தை அதிகாரியின் முன்னால் போடுங்கள், தொகை வங்கிக் கணக்கில் வந்த பிறகு போடுங்கள். தாளில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை மணி நேரத்துக்கு என்பது எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத தாளில் கையெழுத்துக் கேட்டால், மனு நடக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.